கதவைச் சாத்தாமல் ஒரு ‘முடியாது’

பெங்களூரில் மருந்து ஆராய்ச்சிக்கு உதவும் கம்பெனிகள் பல உண்டு. புதிய மருந்தை மனிதர்களிடம் பரிசோதிக்கும்முன், அவர்களுக்கு விஷயத்தை விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். விளக்கம் அவர்களுக்குப் புரியும் மொழியில், தொழில்நுட்ப வார்த்தைகள் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆகவே ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஆங்கிலத்தில் தயாராகும் படிவம், மதுரையிலோ வேலூரிலோ ஒரு நோயாளியின் கைக்குப் போகும்முன் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரின் மேஜையைத் தாண்டியாக வேண்டும்.

அப்படி ஒரு மேஜை ராமமூர்த்தி நகரில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி. தமிழில் முதுகலை. எட்டு வருடமாக எந்தக் கம்பெனியிலும் சம்பளக்காரராக இல்லாமல், வரும் வேலைக்குக் காசு என்று பிழைப்பவர். வாடிக்கையாளர்கள் படித்துவிடக்கூடும் என்பதால் பெயர் வேண்டாம் என்கிறார். போன வருடம் ஆகஸ்டில் அவருக்கு வந்த வேலை பெரியது. 36,000 ஆங்கில வார்த்தைகள். சம்மதப் படிவங்கள், நோயாளி தினமும் எழுத வேண்டிய குறிப்பேடு, செவிலியர்களுக்கான கையேடுகள் எல்லாம் சேர்த்து. வார்த்தைக்கு ஒன்றேகால் ரூபாய். பில் கொடுத்த அறுபதாவது நாளில் பணம்.

அந்த மாதம் அவர் கையில் வேறு பெரிய வேலை இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ‘முடியாது’ என்று சொல்ல மிக மோசமான மாதம் என்றால் அதுதான்.

எடுத்த எடுப்பில் அவர் மறுக்கவில்லை. போனில் ஒரு கேள்வி கேட்டார். “வார்த்தைக்கு ஒன்றேகால் என்றால், எந்த மொழி வார்த்தைக்கு?”

“தமிழ் வார்த்தைக்குத்தான் மேடம். நீங்க முடிச்சுக் கொடுத்ததும் கம்ப்யூட்டர்ல எண்ணுவோம். எல்லா மொழிக்கும் அதே முறைதான்” என்றார் அந்தப் பக்கத்திலிருந்த ஒருங்கிணைப்பாளர். ஹாசன் பக்கத்து இளைஞர், மரியாதையான பேச்சு. அவருக்கு இதில் எந்தச் சூதும் தெரியவில்லை. உண்மையில் சூது இல்லை, அறியாமைதான். ஆனால் இந்தத் துறையில் தமிழர்கள் காலங்காலமாகப் பணத்தை இழந்துகொண்டிருக்கும் ஓட்டை இதுதான்.

‘இஃப் யூ டூ நாட் வான்ட் டு பார்ட்டிசிபேட்’ என்பது ஆங்கிலத்தில் ஏழு வார்த்தை. இந்தியில் ‘அகர் ஆப் பாக் லேனா நஹீன் சாஹ்தே ஹைன்’ என்று அதுவும் ஏழு. தமிழில் ‘பங்கேற்க விரும்பாவிட்டால்’. இரண்டே வார்த்தை. ஆங்கிலம் தனித்தனியாக வைக்கும் சின்னச் சின்னச் சொற்களையெல்லாம் தமிழ் வேற்றுமை உருபாகவும் விகுதியாகவும் வார்த்தையின் வாலில் ஒட்டிவிடுகிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றும் இதே ஜாதி. எல்லா வாக்கியமும் இந்த அளவுக்குச் சுருங்காது என்றாலும், அவருடைய பழைய வேலைகளை எடுத்துப் பார்த்தால் ஆயிரம் ஆங்கில வார்த்தை தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதுக்கு மேல் போனதில்லை. இந்தி மொழிபெயர்ப்பாளருக்கு எண்ணிக்கை குறைவதில்லை, சற்றுக் கூடவும் செய்யும். எல்லா மொழிக்கும் ஒரே முறை என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. விளைவு நியாயமாக இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. ‘செய்துகொள்ளவேண்டும்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு வார்த்தை. ‘செய்து கொள்ள வேண்டும்’ என்று பிரித்தால் மூன்று. தமிழில் இரண்டு வழக்கமும் இருக்கிறது. தமிழ் வார்த்தையை எண்ணிக் காசு கொடுத்தால், மொழிபெயர்ப்பாளர் இலக்கணத்தைப் பார்க்காமல் இடைவெளிக் கட்டையைத் தட்டத் தொடங்கிவிடுவார். அச்சில் வரும் சில படிவங்களைப் பார்த்தால் சிலர் தட்டத் தொடங்கிவிட்டது தெரிகிறது.

ஆக, 36,000 ஆங்கில வார்த்தை தமிழில் சுமார் 26,000. ஒன்றேகால் வீதம் 32,500 ரூபாய். ஆங்கில வார்த்தைக்கு வகுத்துப் பார்த்தால் 90 காசு. பேசியது ஒன்றேகால், கிடைப்பது தொண்ணூறு.

இது குறைவு என்று மனதுக்குத் தெரிந்தால் போதாது, எவ்வளவு குறைவு என்று தாளில் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. வாடகை, மகள் படிப்பு, அம்மாவின் மருந்து, இன்ஷூரன்ஸ், இன்டர்நெட், அடுத்த கம்ப்யூட்டருக்கு எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்து மாதம் 60,000 வேண்டும். மாதத்தில் முப்பது நாளும் காசு வராது. விசாரணைக்குப் பதில் எழுதுவது, மாதிரி செய்து காட்டுவது, பில் போடுவது, வராத பணத்துக்கு நடையாக நடப்பது, ஜுரம், பண்டிகை எல்லாம் போகக் காசு வரும் நாள் பதினைந்துதான். அறுபதாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தால் ஒரு நாளின் விலை 4,000. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முப்பதால் வகுத்துவிட்டு, ஆறு மாதத்தில் வேறு வேலை தேடுகிறார்கள்.

அடுத்தது, இந்த வேலைக்கு எத்தனை நாள்? கையேடும் குறிப்பேடும் 30,000 வார்த்தை. ஒரு நாளைக்கு 2,000 என்றால் பதினைந்து நாள், திருப்பிப் படிக்க மூன்று நாள். சம்மதப் படிவம் 6,000 வார்த்தைதான். ஆனால் அது அவ்வளவு வேகமாக ஓடாது. ஒரு நாளைக்கு 1,500. நான்கு நாள். அதன்பின் இரண்டு நாள் ‘திருப்பு மொழிபெயர்ப்பு’க்கு.

இந்தத் திருப்பு மொழிபெயர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலையைக் குறைக்கிறவர்கள் மறந்துபோவது இதைத்தான். தமிழ்ப் படிவம் தயாரானதும், மூல ஆங்கிலத்தைப் பார்த்தேயிராத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே விலகுகிறது என்று பட்டியல் போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு வரிக்கும் மொழிபெயர்ப்பாளர் பதில் எழுத வேண்டும். ‘நீங்கள் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்’ என்ற இடத்தில் ‘நீங்கள் இலவசமாக விலகலாம்’ என்று யாராவது எழுதியிருந்தால் இந்தச் சல்லடையில் மாட்டிக்கொள்ளும். மருத்துவப் பரிசோதனை ‘மருத்துவ விசாரணை’யாகி நீதிமன்றம் ஏறியிருந்தாலும் மாட்டலாம். மாட்டாதது வேறொன்று. வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த விறைத்த தமிழ், திரும்ப ஆங்கிலமாகும்போது மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்திவிடும். ஆராய்ச்சியின் ஒரு பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் ‘கை’ என்று போட்டிருந்தால், திருப்புகிறவர் அதை அப்படியே ஆங்கிலக் கையாக்கிவிடுவார். இரண்டும் ஒன்றுதான் என்று பட்டியல் பாராட்டும். ‘ஆராய்ச்சியின் இரண்டாவது கையில் நீங்கள் இருப்பீர்கள்’ என்று படிக்கும் மதுரைக்காரர் என்ன நினைப்பார் என்பது எந்தப் பட்டியலிலும் வராது. ‘யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் போல முடிவாகும், டாக்டர்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது’ என்று நல்ல தமிழில் எழுதியவருக்குத்தான் ‘குலுக்கல் எங்கிருந்து வந்தது’ என்று கேள்வி வரும். நன்றாக எழுதினால் அதிகம் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நாளுக்கும் காசு வேண்டும்.

மொத்தம் இருபத்துநான்கு நாள். நாளுக்கு நாலாயிரம் வீதம் 96,000. வந்திருப்பது 32,500. அதாவது நாளுக்கு 1,350 சொச்சம்.

இந்த இடத்தில் பலரும் செய்வது பேரம். ஒன்றேகாலை ஒன்றேமுக்காலாக்கிக் கேட்பார்கள், அவர்கள் ஒன்றரைக்கு வருவார்கள், எல்லாருக்கும் வெற்றி. ஒன்றேமுக்காலே கிடைத்தாலும் மொத்தம் 45,500-தான், அவருடைய விலையில் பாதிகூட இல்லை. அதைவிட மோசம், ஒருமுறை ஒன்றரைக்கு இறங்கினால் அடுத்த வேலையின் பேச்சு ஒன்றரையில்தான் ஆரம்பிக்கும். “இந்த ஒரு தடவை மட்டும்” என்ற சலுகையைக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் அப்படிப் பதிவு செய்துகொள்வதில்லை. அதில் இருப்பது அவர் பெயர், எதிரே ஓர் எண்.

அதனால் அவர் விலையைத் தொடவில்லை, வேலையை வெட்டினார். சம்மதப் படிவத்துக்கு ஆறு நாள், 24,000 ரூபாய். அது அவர்களுடைய 32,500-க்குள்ளேயே அடங்குகிறது. மிச்சம் 8,500. கையேடு, குறிப்பேடு வகைக்கு அவர் விலை ஆங்கில வார்த்தைக்கு 2 ரூபாய் 40 காசு. நோயாளியின் குறிப்பேடு 3,500 வார்த்தை, 8,400 ரூபாய். இரண்டும் சேர்த்தால் 32,400. நோயாளியின் கைக்குப் போகும் தாள்கள் அத்தனையும் அவர்களுடைய பட்ஜெட்டிலேயே, அவருடைய விலையிலேயே முடிந்துவிடுகின்றன. எஞ்சுவது செவிலியர் கையேடுகள். செவிலியர் படிப்பை ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குத் தமிழ்க் கையேடு அவசியம்தானா என்பதைக் கம்பெனி யோசிக்கட்டும்.

அன்று மாலையே அவர் அனுப்பிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“என்னை நினைத்து அனுப்பியதற்கு நன்றி. முழு வேலையையும் 32,500 ரூபாய்க்கு என்னால் ஏற்க முடியாது. என் கணக்கில் அது இருபத்துநான்கு நாள் வேலை, 96,000 ரூபாய் ஆகிறது. உங்கள் பட்ஜெட் மாறாது என்றால், அதற்குள் சம்மதப் படிவங்களையும் நோயாளி குறிப்பேட்டையும், திருப்பு மொழிபெயர்ப்புக் கேள்விகளுக்கான பதில்கள் உட்பட, பத்து வேலை நாளில் செய்து தர முடியும். பணம் 45 நாளுக்குள் வேண்டும். இந்த விலை செப்டம்பர் 30 வரை செல்லும்.”

கடிதத்தில் இல்லாதவற்றையும் கவனிக்கலாம். ‘மன்னிக்கவும்’ இல்லை. ‘என் அனுபவத்துக்கு இது அவமானம்’ இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் இல்லை. ‘வருங்காலத்தில் சேர்ந்து பணியாற்ற ஆவல்’ என்ற வாடிக்கையான வரியும் இல்லை. அந்த வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் ஒருங்கிணைப்பாளர் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. இங்கே இருப்பது ஒரு தொகை, ஒரு வேலைப் பட்டியல், ஒரு தேதி. அந்த இளைஞர் அதை அப்படியே தன் மேலதிகாரிக்கு அனுப்பலாம், விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவருக்கும் பட்ஜெட் போட்டது வேறு யாரோ.

45 நாள் என்பதும் அவர் இஷ்டத்துக்குப் போட்டதல்ல. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழிலுக்குப் பணம் கொடுக்க ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. வீட்டிலிருந்து ஒற்றை ஆளாக வேலை செய்கிறவரும் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். இணையத்தில் செய்யலாம், கட்டணம் இல்லை. பெங்களூரின் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் இன்னும் செய்துகொள்ளவில்லை என்பது ஆச்சரியம்தான்.

மறுநாள் போன் வந்தது. “மேடம், மேலே ஒத்துக்கலை. எல்லாம் ஒருத்தர்கிட்டயே கொடுக்கணுமாம். வேற யாராவது தெரியுமா? கொஞ்சம் புதுசா இருந்தாலும் பரவாயில்லை.”

தெரியும். சேலத்தில் ஒரு பெண், போன வருடம்தான் எம்.ஏ. முடித்தவர். ‘அக்கா, ஏதாவது வேலை வந்தா சொல்லுங்க’ என்று மாதம் ஒருமுறை கேட்பவர். ஒன்றேகால் ரூபாயை அவர் வேண்டாமென்று சொல்லமாட்டார். தனக்குக் கட்டுப்படியாகாததை இன்னொருத்திக்குத் தள்ளிவிடுவதா, வீட்டு வாடகை இல்லாத ஊரில் அது கட்டுப்படியாகுமென்றால் தடுக்கத் தனக்கு என்ன உரிமை? அன்று இரவு முழுக்க இதுதான் ஓடியது என்கிறார். கடைசியில் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, தமிழ் வார்த்தைக் கணக்கு, 90 காசு, இருபத்துநான்கு நாள் எல்லாவற்றையும் சொன்னார். சம்மதப் படிவத்தை மட்டும் தனியாகத் தொடாதே, கையேடு கேட்டால் உன் இஷ்டம் என்றார். “சரிக்கா, யோசிச்சுச் சொல்றேன்” என்றார் அவர். இரண்டு நாள் கழித்து, வேண்டாம் என்று குறுஞ்செய்தி வந்தது. யோசித்து எடுத்த முடிவா, அக்காவின் குரலைக் கேட்டு எடுத்த முடிவா என்பது இன்றுவரை அவருக்குப் புலப்படவில்லை.

வேலை வேறு யாருக்கோ போனது. அந்த ஆகஸ்ட் அவருக்கு 31,000-தான் வந்தது. கிட்டத்தட்ட அதே தொகையைத்தான் அவர் வேண்டாமென்று சொல்லியிருந்தார். கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் போட்டிருந்த ஒரு டெபாசிட்டை முதிர்வதற்கு முன்பே உடைத்தார். மறுப்பதற்கும் பணம் வேண்டும். கையில் இரண்டு, மூன்று மாதச் செலவு இல்லாதவரிடம் போய் ‘விலையில் உறுதியாக இருங்கள்’ என்று சொல்வது எளிது.

ஆனால் அந்த இருபத்துநான்கு நாளும் சும்மா போகவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் சின்ன வேலைகள் இரண்டு வந்தன. 36,000 வார்த்தையைத் தலையில் ஏற்றியிருந்தால் அவற்றை மறுத்திருப்பார். அந்த 31,000-இல் பாதிக்கு மேல் அவைதான்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஹாசன் இளைஞர் மறுபடி கூப்பிட்டார். தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு சம்மதப் படிவங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. படித்தால் புரியவில்லை என்பது ஒற்றை வரிக் காரணம். திருப்பு மொழிபெயர்ப்பில் எந்தப் பிசகும் காணப்படவில்லையாம். குழுவில் மருத்துவர் அல்லாத ஓர் உறுப்பினர் தமிழைத் தமிழாகப் படித்திருக்கிறார்.

“இருக்கறதைத் திருத்திக் கொடுங்க மேடம். திருத்தறதுக்குத்தானே, பாதி ரேட்ல முடிச்சிடலாம்.”

இது இரண்டாவது வலை. மட்டமான மொழிபெயர்ப்பைத் திருத்துவது புதிதாகச் செய்வதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, அந்தத் தமிழில் ஒருமுறை படித்து, ஏன் தப்பு என்று கண்டுபிடித்து, பிறகு எப்படியும் புதிதாகத்தான் எழுத வேண்டும். அவர் உடனே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 500 வார்த்தையை அனுப்பச் சொன்னார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திருத்திப் பார்த்தார். நாற்பது நிமிடத்தில் ஒன்பது வாக்கியம்தான் தேறியது, அதில் ஏழைத் திரும்ப எழுதியிருந்தார். பக்கத்தை அப்படியே சிவப்புக் கோடுகளோடு அனுப்பி, “புதிதாகச் செய்வதுதான் உங்களுக்கு மலிவு. என் கடிதம் 30-ஆம் தேதி வரை செல்லும்” என்று ஒரு வரி எழுதினார்.

சம்மதப் படிவம் மட்டும் வந்தது. 6,000 வார்த்தை, 24,000 ரூபாய், ஆங்கில வார்த்தைக் கணக்கில். குறிப்பேடும் கையேடுகளும் முதல் ஆள் செய்தபடியே போய்விட்டன. அந்தக் குறிப்பேட்டில் ‘கை’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பணம் நாற்பத்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது.

எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆள் வருவதில்லை. இதே போலத் தொகையும் தேதியும் போட்டு மறுத்த ஒரு பாடப்புத்தகக் கம்பெனியிடமிருந்து மூன்று வருடமாக ஒரு வார்த்தை இல்லை. வராது என்றே நினைக்கிறார். அவருடைய நோட்டில் அப்படி ஏழு பெயர்கள் இருக்கின்றன. எதிரே அவர் சொன்ன விலையும், அவர்கள் சொன்ன விலையும், தேதியும். திரும்பி வந்தவை இரண்டு.

ஹாசன் இளைஞர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அவருடைய நம்பரையும் உடன் கொண்டுபோயிருக்கிறார். சென்ற மாதம் மலையாளத்துக்கு யாராவது தெரியுமா என்று கேட்டார். தெரிந்த ஒருவரின் பெயரைச் சொன்ன அவர், “ஆங்கில வார்த்தைக்குத்தானே காசு?” என்றார். “ஆமா மேடம், அதை நானே இங்க மாத்தச் சொல்லிட்டேன்” என்று பதில் வந்தது.